ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இளைஞர். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் அவருடைய குடும்ப விவகாரம் வெளியே நின்ற எங்கள் ஐந்து பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"தூங்குறாளா? பகல்ல என்ன தூக்கம்? நான் பேசுறேன்னு சொன்னீகளா... சொல்லியும் வரலையா?"

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. யாராவது கேட்டால் கொட்டிவிடலாம் என்கிற நிலை. நான் கேட்டேன். பத்தி எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

அவர் மனைவி மல்லாங்கிணற்றில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. போய் இருபது நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டால் வருவதில்லை. வந்தாலும் மூன்றே வார்த்தைகள் - 'ம்', 'சரி', 'வைக்கட்டா'.

"என்னைய வெறுத்துட்டா சார்," என்றார்.

"இன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"நாலு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டார். இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய என்னைப் பார்த்துச் சிரித்தேன். அவன் இவரைவிடப் பெரிய ஆள். இவர் நான்கு தடவை போன்தான் செய்தார். அவன் கேள்விகளுக்கு நம்பர் போட்டு லெட்டர் எழுதியவன்...

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். எட்டு மெஷின். அதில் இரண்டு தமிழ். கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி பெயர் தனம். ஊர் நரிக்குடி. அவள் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அம்மா இல்லை. ஒரே தம்பி, பம்பாயில் வேலை.

ஒரு தை மாதக் காலையில் மாமா கடைத் தராசில் மல்லி நிறுத்துக்கொண்டிருந்தபோது வலது கை படிக்கல்லைத் தவறவிட்டது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். மதுரையில் பதினைந்து நாள் வைத்துப் பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கை, வலது கால் விழுந்துவிட்டன, பேச்சு குழறும், விழுங்குவது சிரமம், இனி எல்லாமே வீட்டில் பார்த்துக்கொள்வதைப் பொறுத்துத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இங்கயே கூட்டிட்டு வந்துருவோம்," என்றேன் தனத்திடம். பெருந்தன்மையாகச் சொன்னதாக ஞாபகம்.

"பொண்ணு குடுத்த வீட்டுல எங்கப்பா ஒரு வேளைக்கு மேல கை நனைச்சிருக்காகளா? படுக்கையோட வந்து கெடப்பாகளா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு சேலைகளை மடித்து வைத்துக்கொண்டு நரிக்குடி பஸ் ஏறிவிட்டாள்.

அது சரி. நானும் நல்ல மாப்பிள்ளை. என்ன செய்ய வேண்டும்? ஞாயிறுதோறும் போய்ப் பார்க்க வேண்டும். போனேன்.

அயர்ன் செய்த சட்டை, பழப் பை சகிதம் காலை பத்து மணி பஸ்ஸில் இறங்குவேன். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவேன். மாமா கட்டிலில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். பேச்சு வராவிட்டாலும் இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கும்பிடுவது போல வைப்பார். அடுத்து அதே கையால் தனத்துக்குச் சைகை காட்டுவார். கோழி அடி என்று அர்த்தம்.

மாப்பிள்ளை வந்திருக்கிறாரே... வெறும் ரசம் ஊற்றி அனுப்ப முடியுமா? தனம் அம்மியில் மசாலா அரைப்பாள். நான் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்து ஆறுதல் சொல்வேன். சாப்பாடு வரும். இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டு, ஒரு நாள் சொன்னேன் - "உப்பு கொஞ்சம் கம்மி."

இதை இப்போது எழுதும்போது பேனா கூசுகிறது. அன்றைக்கு நாக்கு கூசவில்லை.

சாப்பிட்டு முடித்து அவளிடம் பேசலாம் என்று அடுப்படிக்குப் போவேன். இன்ஸ்டிடியூட்டில் ஒரு பெண் லோயர் பரீட்சை பாஸான கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் தனம் சுவரில் சாய்ந்து, கையில் பாத்திரத்தோடு தூங்கிக்கொண்டிருப்பாள். என் கதை அவ்வளவு மட்டமா? கோபம் வரும்.

வாரம் ஆக ஆக அவள் பேச்சு குறைந்துகொண்டே போனது. என்னைப் பார்ப்பாள். ஆனால் பார்வை எனக்குப் பின்னால் இருக்கிற சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். அப்புறம் ஒரு நாள் வாசல் வரை வந்து, "அடுத்த வாரம் வர வேணாங்க," என்றாள்.

"ஏன்?"

"சும்மாதேன். வேணாம்."

சும்மாவா? கட்டின புருஷனைச் 'சும்மா' வர வேண்டாம் என்று சொல்வார்களா?

நான் அடுத்த வாரமும் போனேன். வராதே என்றால் வந்து நிற்பதுதான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

வார நாட்களில் லெட்டர். டைப் அடிப்பேன். தொழில் பழக்கம் - கேள்விகளுக்கு நம்பர் போட்டுவிடுவேன். ஒன்று, முந்தைய கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை? இரண்டு, நான் வந்தால் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை? மூன்று, எப்போது திரும்பி வருவதாக உத்தேசம்? ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுத இரண்டு வரி இடம் வேறு விட்டிருப்பேன்.

ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த என் அக்கா இட்லி கொண்டுவரும்போதெல்லாம் கூடவே ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போவாள் - இட்லிப் பொடிக்கு இல்லை, என் வயிற்றெரிச்சலுக்கு.

"ஏலே, நாலு மாசமாச்சு. பொறந்த வீட்டுல கால் தங்கிருச்சுன்னா அம்புட்டுத்தேன். ஒன்னைய வேண்டாம்னுட்டா. வெளிய சொல்ல மாட்டேங்கிறா."

நம்பினேன். நம்ப வசதியாக இருந்தது. 'அவள் களைத்திருக்கிறாள்' என்று நினைத்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். 'என்னை வெறுக்கிறாள்' என்றால் கோபப்பட்டால் போதும். எது சுலபம்?

மூன்று பக்கம் டைப் அடித்தேன். இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்பது அதன் சாரம். தபாலில் போட்டால் பதில் வராது என்று தெரியும். நேரில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, ஒரு புதன்கிழமை இன்ஸ்டிடியூட்டுக்கு லீவு விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திருச்சுழியில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ரெக்ஸின் பை. பஸ் முழுக்க டெட்டால் வாசனை. அங்கே ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராம். வாரம் மூன்று நாள் சுற்றுப்பட்டு ஊர்களில் படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பாராம்.

"தம்பி நரிக்குடியா?"

"ஒரு வேலையா..." என்றேன். விளக்கம் சொல்கிற மனநிலை இல்லை.

"நானும் அங்கதேன். ஒரு பலசரக்குக் கடைக்காரரு. வலது பக்கம் விழுந்துபோச்சு. அவரு மக பாக்குது. ஒத்தப் பொண்ணு தம்பி. முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்பிடி ஒரு கைய நான் பாத்ததில்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கரிசலில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"நாலு மாசம் படுத்த ஆளு. முதுகுல ஒரு புண்ணு கிடையாது. நம்புவீகளா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பொரட்டுது. இடது, மல்லாக்க, வலதுன்னு காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கு. ராத்திரிக்கும் அலாரம் வச்சு எந்திரிக்குது. செத்துப்போன கைக்கு அடியில தலகாணி, குதிகால் படுக்கையில படாம கெண்டைக்காலுக்கு அடியில மடிச்ச துணி. கஞ்சியத் தண்ணியாக் குடுத்தா பொரையேறி நெஞ்சுக்குப் போயிரும்னு கெட்டியாக் காச்சி, நிமுத்தி உக்கார வச்சு, தாடையக் குனிய வச்சு, சின்னக் கரண்டியில ஒரு வாயி. அத முழுங்கினாரான்னு பாத்துட்டுத்தேன் அடுத்த வாயி. செத்த கன்னத்துக்குள்ள சோறு தங்கியிருக்கான்னு வெரல விட்டுப் பாக்குது. ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தம்பி. குடிச்ச பெறகும் அரை மணி நேரம் படுக்க விடாது. நர்ஸ் படிச்சதான்னு கேட்டேன். எட்டாப்பாம்."

பத்தாவது, என்று திருத்த நினைத்தேன். திருத்தவில்லை.

"ஒரே ஒரு விசயந்தேன் புடிபடாம இருந்துச்சு. திங்கக்கெழம வந்தாப் பெரியவருக்குக் காய்ச்சல். ஒண்ணுக்குப் போனா எரிச்சல். மருந்து குடுத்தா வெள்ளிக்கெழம சரியாயிரும். திங்கக்கெழம மறுபடி காய்ச்சல். டாக்டரே கொழம்பிட்டாரு. போன வாரந்தேன் கண்டுபுடிச்சேன்."

"என்னது?"

"ஞாயித்துக்கெழம மருமகன் வாராரு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மாப்ள வாராருன்னு பெரியவரு சனிக்கெழம சாயந்தரமே தண்ணி குடிக்கிறத நிறுத்திர்றாரு. குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல? மாப்ள இருக்கும்போது மக டப்பா எடுத்துட்டு வந்தா மானம் போச்சாம். வந்தாலும் அடக்கிக்கிட்டே கெடக்காரு. துணி நனஞ்சாலும் போர்வையோட மூடிக்கிறாரு. பொரட்டவும் விட மாட்டாரு. அந்தாளு கட்டிலு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கிறாராம், சாயந்தரம் வரைக்கும் எந்திரிக்கிறதே இல்லையாம். ஏழு மணி நேரம் ஒரே சாய்ப்பு. போன திங்கக்கெழம முதுகடியில செவந்துருக்கு. வெரல வச்சு அமுக்கினா அந்தச் செவப்பு மாறல. அது கெட்ட அறிகுறி தம்பி. உள்ள சதை நையுதுன்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணு... அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லும்? மாப்ள காதுக்கு இது போகக் கூடாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு. எனக்கே அது சொல்லல. நாந்தேன் தண்ணிச் சொம்பப் பாத்துக் கேட்டுக் கேட்டுப் புடிச்சேன். வர வேணாம்னு சொல்லிப் பாத்துச்சாம். அந்தாளு கேட்டாத்தான? கோழியடிச்சுப் போடுறாக, தின்னுட்டு உப்பு கம்மிங்கிறாராம்." கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். "எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பாரு தம்பி அவரு?"

"தெரியலங்க," என்றேன்.

அதைவிட உண்மையான பதிலை என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

நரிக்குடியில் இறங்கியதும் கம்பவுண்டரை முன்னால் போகவிட்டேன். நான் தெருவைச் சுற்றி, கொல்லைப் பக்கச் சந்து வழியாகப் போனேன். உள்ளே மாமாவிடம் கம்பவுண்டர் பேசுவது கேட்டது. தனம் துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு குவியல் - கிழித்த வேட்டித் துணிகள், ரப்பர் ஷீட், தலையணை உறைகள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். நான் நாலு மாதமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், அந்தக் குவியலைப் பார்த்ததே இல்லை. நான் வருகிற நாளில் அது எங்கே ஒளிந்திருக்கும்?

என்னைப் பார்த்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை.

"இன்னைக்குப் புதன்கெழம," என்றாள். திகிலோடு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

முந்தின நாள் இதைக் கேட்டிருந்தால், 'பார், என்னைக் கண்டதும் முகம் எப்படிப் போகிறது' என்று நான்காவது பக்கம் டைப் அடித்திருப்பேன்.

"மாமாவுக்குத் தெரியாது. நான் உள்ள வரல," என்றேன்.

அவள் முகத்தில் ஏதோ ஒரு கட்டு தளர்ந்தது. "யாரு சொன்னா?"

"என்னது யாரு சொன்னா? யாரும் ஒண்ணும் சொல்லல." அவளுடைய சத்தியத்தை நான் காப்பாற்ற வேண்டாமா? அவள் என்னையே பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

வாயில் வழக்கமான கேள்வி வந்து நின்றது - எப்ப வருவ? அதை விழுங்கினேன். மாமாவைப் போல, தாடையைக் குனிந்துகொண்டு, மெதுவாக.

"தனம், இங்க உனக்கு ரொம்பப் பாரமா இருக்கிறது எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து போட்டாள். நான் அப்பாவைச் சொல்வாள் என்று நினைத்தேன். என்னைச் சொன்னாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

"தண்ணி," என்றாள்.

வீட்டுக் கிணறு உப்பு. கோடையில் அதுவும் தரை தட்டிவிடும். ஊருணி குடிதண்ணீருக்கு, அங்கே இந்தத் துணிகளைக் கொண்டுபோக முடியாது. துவைப்பதற்கு ஊருக்கு வெளியே ஒரு பம்ப்செட்டிலிருந்துதான் தூக்கி வர வேண்டும். அப்பாவைப் புரட்டிவிட்டு ஓடுவாள், அடுத்த புரட்டலுக்குள் திரும்பிவிடுவாள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் தண்ணீர், துணி, கஞ்சி, விழுந்த கையைக் காலை மடக்கி நீட்டிவிடுகிற பயிற்சி எல்லாம். என்னுடைய லெட்டரும் அதற்குள்தான். அதில் மூன்று கேள்வி, இரண்டு வரி இடம்...

"லெட்டர் எல்லாம் படிச்சியா?"

"படிச்சேன். பரீச்சை மாதிரி இருக்கு. படிக்கப் படிக்கக் கண்ணு சொருகிரும்."

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கொல்லையில் கிடந்த மாமாவின் கடைச் சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டினேன். அன்றைக்கு எட்டுக் குடம். முதல் நடையில் பாதித் தண்ணீர் என் கால்சட்டையில்தான் இருந்தது. வெந்நீர் அடுப்பு மூட்ட அவள் ஓலை தேடியபோது, சட்டைப் பையிலிருந்து மூன்று பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன பேப்பரு இது?"

"வேஸ்ட்டாப் போன டைப்பிங்கு."

நல்ல பாண்ட் பேப்பர். உடனே பற்றிக்கொண்டது.

ஊருக்குத் திரும்பியதும் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பெஷல் வகுப்பு வைத்திருப்பதால் சில மாதங்கள் வர இயலாது, மன்னிக்க வேண்டும் என்று. பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைத் தனம் படித்துக் காட்டியதும் சனிக்கிழமை சாயங்காலம் மாமா இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாப்பிள்ளையாக இல்லை. பழைய சட்டை, தூக்குவாளியில் அக்கா வீட்டுப் புளிச்சோறு. எனக்குச் சமைக்கிற வேலை அவளுக்கு இல்லை. ஒவ்வொரு நடை தண்ணீரோடு திரும்பும்போதும் சந்துமுனையிலேயே சைக்கிள் பெல்லை இரண்டு தடவை அடிப்பேன். புரட்டிக்கொண்டோ துடைத்துக்கொண்டோ இருந்தால் தனம் கொல்லைக் கதவைச் சாத்திவிடுவாள். நான் தண்ணீர் இறக்குவேன், துணி அலசுவேன், காயப்போடுவேன். தண்ணி கொண்டுவருகிற ஆள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் காலை வைக்கவில்லை.

முதல் மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். நான் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில் அவள் படியில் உட்கார்ந்தபடி தூங்குவாள். தூங்கட்டும் என்று மெதுவாக ஊற்றுவேன். லோயர் பாஸான பெண் அதற்குள் ஹையருக்கும் சேர்ந்துவிட்டாள். அந்தக் கதையையும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

லெட்டரையும் மாற்றினேன். என் பக்கத்துச் செய்தி நாலு வரி, அதில் ஒரு கேள்வி கூட இருக்காது. கூடவே என் விலாசம் அடித்த ஒரு போஸ்ட் கார்டு. அதில் நான்கு வரிகள் டைப் அடித்திருப்பேன்.

நான் நல்லா இருக்கேன்.
தூக்கம் பத்தல.
வரும்போது இது வேணும்.
பேச முடியல, கோவம் இல்ல.

எது பொருந்துகிறதோ அதற்கு ஒரு டிக் போட்டால் போதும். போடாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். மனதுக்குள் பரவாயில்லையா? இல்லைதான். ஆனால் எழுதினேன்.

முதல் கார்டு நான்காம் நாள் வந்தது. எந்த வரியிலும் டிக் இல்லை. பழைய எரிச்சல் கிளம்பியது. ஒரு கோடு போட அரை நிமிஷம் ஆகுமா? அக்கா இட்லியோடு வருகிற நேரம் வேறு... அப்புறம்தான் உறைத்தது. கார்டு தானாக நடந்து வரவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு தபால் பெட்டி வரை போயிருக்கிறாள். இரண்டு புரட்டலுக்கு நடுவே, ஒன்றும் சொல்ல முடியாத ஒருத்தி, ஒன்றும் சொல்லாத கார்டை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்த வெற்றுக் கார்டைத்தான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்ததில் நான்காவது வரிக்கு டிக் இருந்தது. மூன்றாவது வரிக்கு எதிரே, 'பழைய வேட்டி' என்று எழுதியிருந்தாள்.

அக்காவிடம் கார்டைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் தன் வீட்டுக்காரரின் வேட்டிகளில் ஆறை எடுத்துவந்து, "நல்லாத் தொவச்சது. கிழிச்சாப் பஞ்சு மாதிரி இருக்கும்," என்றாள். அத்தானுக்கு இந்தச் செய்தி பிறகுதான் தெரியும்.

திங்கட்கிழமைக் காய்ச்சல் நின்றது. முதுகடிச் சிவப்பை அழுத்தம் படாமல் பார்த்துப் பார்த்து, புண்ணாகாமல் ஆற்றிவிட்டாள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடலாமே என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னபோது, "தேச்சா உள்ள சதை இன்னும் நைஞ்சுபோகும். பாரம் படாம, ஈரம் இல்லாம வச்சிருந்தாப் போதும்," என்றாள். எட்டு மெஷின் வைத்திருக்கிற எனக்கு அந்த ஒரு பாடம் தெரியவில்லை.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சந்துமுனையில் பெல் அடித்தேன். கொல்லைக் கதவு சாத்திக்கொண்டது. நான் குடத்தை இறக்கினேன். உள்ளேயிருந்து மாமாவின் குரல். குழறல்தான், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் புரிந்தது.

"பெல்லு... வேணாம். உள்ள... வாங்க."

தனம் கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் என்னைவிட அதிகத் திகைப்பு. நான் ஈரக் காலோடு வாசற்படியில் நின்றேன். மாமா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மறுபக்கம் சிரித்தது.

"தண்ணிக்காரன்... இம்புட்டு மருவாதியா... பெல் அடிக்க மாட்டான்."

நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவர். தெருவில் போகிறவன் செருப்புச் சத்தத்தை வைத்தே யாரென்று சொல்கிறவர். அவரிடம் போய் வேஷம் போட்டோமே!

பிறகு அவர் இடது கையைத் தூக்கி தனத்தின் மணிக்கட்டைக் காட்டினார். அது நன்றாகவே வீங்கியிருந்தது.

"அவளுக்கு... முடியல. பொரட்ட... ரெண்டாளு வேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மாப்ளயா இல்ல... ஆளா வாங்க," என்றார்.

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"அந்தக் கையப் புடிச்சு இழுத்துறாதீக. தோள் எறங்கிரும்," என்றாள் தனம். "மொதல்ல அத நெஞ்சு மேல மடிச்சு வைங்க. முட்டிய மடக்குங்க. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. நான் சொல்லும்போது ரெண்டையும் ஒண்ணாத் திருப்பணும். இழுக்கக் கூடாது, உருட்டணும்."

உருட்டினோம். மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். "நீங்க எதுக்குக் கண்ண மூடுறீக? துணி எங்க கெடக்குன்னு பாருங்க," என்றாள். திறந்தேன். ஈரத் துணியை உருவி, புதுத் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்தோம். சுருக்கம் ஒன்று இருந்தாலும் அது தோலைத் தின்றுவிடும் என்றாள். முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, விழுந்த கைக்கு ஒன்று. டப்பாவை நானே கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் அவரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே சொம்பைக் காட்டினார்.

"தண்ணி."

தாடையைக் குனிந்து, ஒரு மடக்கு. நிறுத்தி, இன்னொரு மடக்கு. என் கண் முன்னால் அரை டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு எத்தனையோ விருந்து போட்ட மனிதர். அந்த அரை டம்ளர் தண்ணீரைப் போல ஒரு மரியாதையை அவர் எனக்குச் செய்ததில்லை.

தனம் அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வரவில்லை. நான் போய் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்குப் படித்திருந்தேன்.

மாமா அடுத்த வருஷம் கம்பை ஊன்றி எழுந்துவிட்டார். வலது கை கடைசி வரை வரவில்லை. ஆனால் இடது கையால் மல்லி நிறுத்து, இன்னும் நாலு வருஷம் கடையில் உட்கார்ந்தார். அந்த எழுந்து நிற்றலுக்கு டாக்டரும் மருந்தும் காரணம்தான். ஆனால் பத்தாவது படித்த ஒரு பெண், காலண்டர் தாளில் இ, ம, வ என்று குறித்துக்கொண்டு, இரண்டு இரண்டு மணி நேரமாகத் தன்னையே அறுத்துக் கொடுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவளுக்கு என்னிடம் பேசச் சொல் மிஞ்சியிருக்கவில்லை. அதைப் போய் நான் வெறுப்பு என்று மொழிபெயர்த்தேன்.

பூத் வாசலில் அந்த இளைஞரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சுருக்கித்தான் சொன்னேன்.

"அப்ப நான் அவகிட்ட என்ன சார் கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. கட்டுச்சோறோட போங்க. கொல்லைப் பக்கமாப் போங்க. அங்க எது குமிஞ்சு கெடக்குதோ அதுல கை வைங்க."

"திட்டினா?"

"திட்டினா நல்லது. பேச்சு வந்துருச்சுன்னு அர்த்தம்."

அவர் யோசித்துக்கொண்டே மல்லாங்கிணறு பஸ் நிற்கிற பக்கம் போனார். ஐந்தாவது போன் போடவில்லை. பூத்காரர் என்னை முறைத்தார்.

இதை எழுதி முடித்து தனத்திடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். கண் கலங்குவாள் என்று பக்கத்திலேயே காத்திருந்தேன்.

"எட்டுக் கொடம்னு எழுதியிருக்கீக," என்றாள். "அன்னைக்கு ஆறுதேன்."